அறுபதுக்கு ஒன்று: கல்லடி மணலில் கழிவுக் குழாயின் மூட்டும் வாட்டமும்

கல்லடியில் ஒரு கழிவுக் குழாய்க்குக் கிடைக்கும் இறக்கம் மிகக் கொஞ்சம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி, இரண்டுக்கும் நடுவே தட்டையான மணல். கல்லடிப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் மேடு என்று சொல்ல எதுவுமில்லை. தோண்டினால் தண்ணீர் சீக்கிரமே வந்துவிடும். ஆடியில் நெஞ்சளவு ஆழத்தில் கிடக்கும் கிணற்று நீர் மார்கழியில் எட்டித் தொடும் அளவுக்கு ஏறிவிடும். கழிவைக் கொண்டுபோகும் பொதுக் குழாய் தெருவில் இல்லாததால், குளியலறையில் இருந்து, குசினியில் இருந்து, மலசலகூடத்தில் இருந்து வருவதெல்லாம் அந்தந்த வளவுக்குள்ளேயே போய் இறங்க வேண்டும். அதற்கு வழிவிடும் உயரம், தரைக்கும் மாரிகால நீர்மட்டத்துக்கும் இடையில் உள்ள அந்தக் குறுகிய இடைவெளி மட்டுமே.

உன்னிச்சைத் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகு இந்த நெருக்கடி கூடியது. கிணற்றில் அள்ளிக் குளித்த காலத்தில் குளிநீர் கிணற்றடியிலேயே வாழைக்கும் தென்னைக்கும் போனது. இப்போது அறைக்குள் சவர், சுவரில் வோஷ்பேசின், பிளஷ் தொட்டி. கழிவுநீரின் அளவு பெருகியது, அது கடக்க வேண்டிய தூரமும் பெருகியது. ஆனால் மணல் உயரவில்லை.

இந்த நிலத்தில் வாட்டத்தையும் மூட்டையும் தனித்தனி வேலையாகப் பார்க்க முடியாது என்பது என் முடிவு. வாட்டம் கொடுப்பது மேசனின் வேலை, ஒட்டுவது குழாய்க்காரரின் வேலை என்று பிரித்துவைப்பதே வழக்கம். இறக்கம் தாராளமாகக் கிடைக்கும் பதுளையிலோ கண்டியிலோ அப்படிப் பிரித்தாலும் குழாய் ஓடிவிடும். கல்லடியில் குறைந்த வாட்டத்தில் நீரை ஓடவைப்பது பிளாஸ்ரிக் குழாயின் வழுவழுப்பு. அந்த வழுவழுப்பைக் காப்பதும் கெடுப்பதும் மூட்டு.

இதை விளங்கிக்கொள்ள முதலில் பழைய விதிகளைப் பார்க்க வேண்டும். கழிவுக் குழாயில் நீர் மட்டும் ஓடினால் போதாது. அது மலத்தையும் தாளையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்கு நொடிக்கு ஏறக்குறைய 0.6 முதல் 0.75 மீற்றர் வேகம் தேவை என்பது வடிகால் பொறியியலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு. அந்த வேகத்தை வீட்டுக்காரர் கணக்கில்லாமல் பெறுவதற்காகப் பிரித்தானியக் கட்டட வேலையில் மகுவயர் விதி என்ற எளிய வழி புழங்கியது: குழாயின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துப் பத்தால் பெருக்கு. 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1, 6 அங்குலக் குழாய்க்கு 60க்கு 1. 40க்கு 1 என்றால் 40 அடி ஓட்டத்தில் 1 அடி இறக்கம்.

அந்த விதி பிறந்தது சுட்ட களிமண் குழாய்களின் காலத்தில். இரண்டடி, மூன்றடித் துண்டுகள், ஒவ்வொரு மூட்டிலும் சீமெந்துச் சாந்து, உள்ளே பிதுங்கிய வரம்பு. இன்றைய பி.வி.சி. குழாயின் உட்புறம் அதைவிட மிக வழுக்கலானது. மானிங் சூத்திரத்தில் உராய்வெண்ணைப் பழைய குழாய்க்கு 0.013 என்றும் பி.வி.சி.க்கு 0.010 என்றும் போட்டு, குழாயின் கால்பங்கு ஆழத்துக்கு நீர் ஓடுவதாக எடுத்துக்கொண்டு பார்த்தால் ஒரு சுவையான விடை வருகிறது. களிமண் குழாய் 40க்கு 1 வாட்டத்தில் தருகிற 0.75 மீற்றர் வேகத்தை, 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் ஏறக்குறைய 68க்கு 1 வாட்டத்திலேயே தந்துவிடுகிறது. 60க்கு 1 கொடுத்தால் 0.8 மீற்றர் கிடைக்கும். 100க்கு 1 ஆகக் குறைத்தால் 0.6 மீற்றருக்கு இறங்கி விளிம்பில் நிற்கும்.

நாடுகளின் விதிகளும் இந்த எல்லைக்குள்தான் அங்குமிங்கும் நிற்கின்றன. இங்கிலாந்தின் கட்டட விதிக் கையேடு 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு ஓட்டம் குறைவாக இருந்தால் 40க்கு 1 கேட்கிறது. மலசலகூடத்தின் நீர்வீச்சு அதில் சேர்ந்து ஓட்டம் போதிய அளவுக்கு இருந்தால் 80க்கு 1 வரை விடுகிறது. இந்திய நெறிமுறை 57க்கு 1 என்கிறது. அமெரிக்காவில் அதே பருமனுக்கு அடிக்கு எட்டில் ஒரு அங்குலம், அதாவது 96க்கு 1, குறைந்தபட்சம். ஒன்று சரி, மற்றது பிழை என்று இவற்றை மோதவிடத் தேவையில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு நீர் வரும், குழாய் எவ்வளவு நேராகப் பதிக்கப்படும் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது.

கல்லடி வீட்டுக்கு எந்த ஊகம் பொருந்தும்? பல வீடுகளில் இன்னும் வாளியால்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆறு லீற்றர் நீர் ஒரே வீச்சாக இறங்கினாலும், குழாயில் போகப்போக அது நீண்டு மெலிந்துவிடும். பத்து மீற்றர் தாண்டும்போது அதன் இழுவிசை மிகவும் குறைந்திருக்கும். ஆகவே 80க்கும் 96க்கும் போவது துணிச்சல். 40க்கு 1 கொடுக்க முடிந்தால் நல்லது, ஆனால் தூரம் கூடிய வளவில் அதற்கு இடமில்லை. 60க்கு 1 என்பதைத்தான் நான் இந்த மணலுக்குரிய அளவாகக் கொள்கிறேன்: மீற்றருக்கு 17 மில்லிமீற்றர். வாட்டம் கூடினால் நீர் முந்தி ஓடி மலம் பின்தங்கிவிடும் என்று ஒரு பயம் மேசன்மாரிடம் உண்டு. குறுகிய வீட்டுக் குழாயில் அது பெரிய ஆபத்து இல்லை. ஒரு துண்டு செங்குத்தாக இறங்கி, அடுத்த துண்டு மட்டமாகக் கிடப்பதே ஆபத்து. வேகமாக வந்த நீர் அங்கே மூச்சுவாங்கும், கொண்டுவந்ததை அங்கேயே போட்டுவிடும்.

இனி ஒரு வளவை எடுத்துக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் தளம் முற்றத்தைவிட 45 சென்ரிமீற்றர் உயரம். சுவரில் இருந்து செப்டிக் தொட்டிக்கு 14 மீற்றர். தொட்டியில் இருந்து உறிஞ்சு அகழிக்கு 6 மீற்றர். கிணற்றில் மார்கழியில் அளந்தபோது நீர்மட்டம் முற்றத்துக்கு 60 சென்ரிமீற்றர் கீழே.

வழக்கமாகச் செய்வது, குளியலறையில் குழாயை எந்த ஆழத்தில் விட்டோமோ அங்கிருந்து தொடங்கி வாட்டம் கொடுத்துக்கொண்டே போவது. தொட்டிக்குப் போய்ச் சேரும்போதுதான் தண்ணீருக்குள் நிற்கிறோம் என்று தெரியும். இந்த ஊரில் கணக்கு வாலில் இருந்து தொடங்க வேண்டும். அகழியில் குழாயின் அடி மாரிநீருக்கு மேல் 20 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். அது முற்றத்துக்கு 40 கீழே. அங்கிருந்து தொட்டிக்கு 6 மீற்றர். இதில் ஓடுவது தெளிந்த நீர், திண்மம் இல்லை, ஆகவே 100க்கு 1 போதும். 6 சென்ரிமீற்றர் ஏறினோம், தொட்டியின் வெளிவாய் 34 கீழே. தொட்டியின் உள்வாய் வெளிவாயைவிட ஏழரை சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்தால், உள்வாய் 26½ கீழே. அங்கிருந்து வீட்டுச் சுவருக்கு 14 மீற்றர், 60க்கு 1 என்றால் 23 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். ஆக, வீட்டுச் சுவரில் குழாயின் அடி முற்றத்துக்கு வெறும் 3 சென்ரிமீற்றர் கீழே நிற்கிறது. குழாயின் முதுகு முற்றத்துக்கு மேலே 8 சென்ரிமீற்றர் தெரியும்.

இந்த விடை பலருக்கு அதிர்ச்சி தரும். ஆனால் நிலம் சொல்லும் உண்மை அதுதான். 40க்கு 1 என்று பிடிவாதம் பிடித்திருந்தால் குழாயின் அடியே முற்றத்துக்கு மேல் வந்திருக்கும். தொட்டியை வீட்டுக்கு 8 மீற்றர் தூரத்துக்கு இழுத்து, மிச்ச 6 மீற்றரைத் தெளிநீர்க் குழாயாக மாற்றினால் 4 சென்ரிமீற்றர் மிஞ்சுகிறது; திண்மம் ஓடும் தூரத்தைக் குறைப்பதன் பயன் அது. மற்ற வழி, சுவரோரம் மண் நிரப்பி முற்றத்தை உயர்த்துவது. கிணற்றில் இருந்து உறிஞ்சு குழிக்கு 50 அடி விட வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வதால், அகழியை மட்டும் நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது. நான் வைத்த 20 சென்ரிமீற்றர் இடைவெளி நீர் தடையின்றி ஓடுவதற்கான அளவுதான் என்பதையும் சொல்லவேண்டும். கிணற்று நீர் மாசுபடாமல் இருக்க, கழிவுநீர் வடிந்து இறங்கும் மணல் இதைவிடப் பல மடங்கு தடிப்பாக இருக்க வேண்டும். அதற்கு அகழியை மேடாக்கிய படுக்கையாகக் கட்டவேண்டும், அப்போது வீட்டின் தளம் இன்னும் உயர வேண்டும். அத்திவாரம் போடும் நாளிலேயே இந்தக் கணக்கைப் போடாத வீட்டுக்குப் பிறகு வழியில்லை.

இப்படி ஒவ்வொரு சென்ரிமீற்றராகச் சேமித்த வாட்டத்தை ஒரே ஒரு மோசமான மூட்டு தின்றுவிடும். எப்படி என்று தெரிய, டப்பாவில் இருக்கும் அந்தக் கம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

கடையில் கம் என்று கேட்டு வாங்கினாலும் அதன் வேலை பசையின் வேலை இல்லை. அது டெட்ராஹைட்ரோபியூரான், மெதைல் எதைல் கீற்றோன் போன்ற கரைப்பான்களில் பி.வி.சி. பிசினைக் கரைத்த திரவம். குழாயின் வெளிப்புறத்திலும் சொக்கெற்றின் உட்புறத்திலும் பூசியதும், கரைப்பான் இரண்டு மேற்பரப்புகளையும் ஊறவைத்து இளக்குகிறது. உள்ளே தள்ளும்போது இளகிய இரு படைகளும் ஒன்றையொன்று அழுத்தி, அவற்றின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்கின்றன. பிறகு கரைப்பான் ஆவியாகி வெளியேற, இரண்டு துண்டுகள் ஒரே பிளாஸ்ரிக்காக இறுகுகின்றன. இதில் இருந்து இரண்டு விடயங்கள் தெளிவாகும். ஒன்று, அழுத்தம் இல்லாத இடத்தில் இணைப்பும் இல்லை. இடைவெளியைக் கம்மால் நிரப்ப முடியாது. மற்றது, இது பி.வி.சி.க்கு மட்டுமே. கறுப்புப் பொலித்தீன் குழாயிலும் பொலிபுரொப்பிலீன் குழாயிலும் இந்தக் கம் வெறுமனே காய்ந்து உரியும்.

சொக்கெற் உட்பக்கம் லேசாகக் குறுகிக்கொண்டே போவது அந்த அழுத்தத்துக்காகத்தான். கம் பூசாமல் குழாயைச் செருகினால், ஆழத்தில் மூன்றில் ஒன்றுக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் அது இறுகி நிற்க வேண்டும். அடிவரை வழுக்கிக்கொண்டு போனால் அந்தப் பொருத்தம் உதவாது. இலங்கைக் கடைகளில் 4 அங்குலம் என்று விற்பது 110 மில்லிமீற்றர் வெளிவிட்டம். வேறு நாட்டு அளவில் செய்த 4 அங்குலப் பொருத்தி 114 மில்லிமீற்றருக்கானது. பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் வாங்கிவந்து, சுற்றிலும் 2 மில்லிமீற்றர் இடைவெளியைக் கம் ஊற்றி அடைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது முதல் மாரியிலேயே ஒழுகும். குழாயை நெருப்பில் வாட்டி வாயை விரித்துச் சொக்கெற் செய்வதும் இதே குறையில்தான் முடியும்: சுவர் மெலிந்து, குறுகல் இல்லாமல், கருகிய இடத்தில் பிளாஸ்ரிக் உடையக்கூடியதாகிறது. மிச்சம் பிடிப்பது ஒரு சொக்கெற்றின் விலை, இழப்பது முழுக் குழாயின் நம்பிக்கை.

வேலையின் வரிசை எளியது, ஆனால் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. ஹெக்ஸோவால் அறுக்கும்போது குழாயைச் சுற்றி ஒரு தாளைச் சுற்றி அதன் விளிம்பையே கோடாக வைத்தால் அறுப்பு நேராக வரும். சாய்ந்த அறுப்பு சொக்கெற்றின் அடியில் ஒரு பக்கம் பள்ளத்தை விடும், அங்கே தாளும் மயிரும் தங்கும். உள்விளிம்புப் பிசிறைக் கத்தியால் எடுக்க வேண்டும். வெளிவிளிம்பை அரத்தால் சரிவாக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கூரான விளிம்பு பூசிய கம்மை வழித்துக்கொண்டு போய் உள்ளே குவித்துவிடும். பிறகு சொக்கெற்றின் ஆழத்தைக் குழாயில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். குறி மறையும் வரை போனதா என்று பார்க்க வேறு வழியில்லை.

கல்லடியில் இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. காலை பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும்பிவிடும், அதோடு பொடிமணலும். ஈரக் கம்மில் ஒட்டிய மணல் ஒவ்வொன்றும் இரு பரப்பும் சேரவிடாமல் ஒரு கால்வாயைத் திறந்து வைக்கும். மணலில் வைத்துக் குழாயை ஒட்டக் கூடாது. சாக்கு விரித்து, இரண்டு பலகைக்கட்டையின் மேல் முனையைத் தூக்கி வைத்து, காற்றுக்கு எதிரே தகரமோ படங்கோ பிடித்து ஒட்ட வேண்டும். இரு பரப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, மினுமினுப்பு போகும் அளவுக்கு மெல்லிய எமரித் தாளால் தேய்த்து மறுபடியும் துடைக்க வேண்டும். பிரைமர் கிடைத்தால் நல்லது. கழிவுக் குழாய்க்கு அது இல்லாமலும் ஒழுங்காகச் செய்யலாம், ஆனால் சுத்தம் இல்லாமல் செய்ய முடியாது.

சொக்கெற்றுக்குள் மெல்லிய பூச்சு, குழாயின் மேல் அதைவிடத் தாராளமான பூச்சு. இந்த ஒழுங்கை மாற்றிச் செய்வதுதான் நான் முன்பு சொன்னதுபோல் வாட்டத்தைத் தின்றுவிடுவது. சொக்கெற்றுக்குள் அப்பிய கம், குழாய் உள்ளே வரும்போது முன்னால் தள்ளப்பட்டு, நீர் ஓடும் வழியில் ஒரு வரம்பாகக் காய்கிறது. 17 மில்லிமீற்றர் இறக்கத்துக்காக ஒரு மீற்றர் குழாயைக் கவனமாகப் பதித்த இடத்தில், 3 மில்லிமீற்றர் வரம்பு ஒரு குட்டி அணை. களிமண் குழாயின் சாந்து வரம்பை நாமே திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். 60க்கு 1 போதும் என்ற கணக்கின் அடிப்படையே அங்கே சரிகிறது. தேங்கிய கம் குழாய்ச் சுவரைத் தொடர்ந்து இளக்கி மெலிவாக்கவும் செய்யும். குழாயின் மேல் பூசினால் மிகுதி வெளியே, சொக்கெற்றின் வாயில் மணிபோல் சுற்றி வரும், அதைத் துடைத்துவிடலாம். அந்த வளையம் முழுச்சுற்றும் தெரிவது போதிய கம் போனதற்கும் அடையாளம்.

பூசியதும் தாமதிக்காமல் கால்சுற்றுத் திருப்பியபடி குறிவரை தள்ளி, அரை நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். குறுகல் குழாயை வெளியே தள்ளப் பார்க்கும். 110 மில்லிமீற்றர் குழாயின் சுற்றளவு பெரியது, வெயிலில் கம் நொடிகளில் தோல்கட்டும். ஆகவே ஒருவர் குழாயிலும் மற்றவர் சொக்கெற்றிலும் ஒரே நேரத்தில் பூச இரண்டு பேர் தேவை. அமெரிக்க நடைமுறைக் குறிப்புகள் இந்தப் பருமனுக்கு, நம்முடையது போன்ற வெப்பத்தில், அரை மணிநேரம் அசைக்கக் கூடாது என்றும், ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் போனால் முழுதாக இறுகும் நேரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும் என்றும் சொல்கின்றன. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. பின்னேரம் ஒட்டி, அடுத்த நாள் காலை தண்ணீர் விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. டப்பாவில் களியாகிப்போன கம்மைத் தின்னர் ஊற்றி இளக்குவது வீண் வேலை. கரைப்பானின் பங்கு மாறிவிட்டால் அது கம் ஆகாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தீப்பற்றும்; குழிக்குள் தங்கும். குழிக்குள் இறங்கி ஒட்டுபவர் பீடி பற்றவைக்கக் கூடாது.

மூட்டு இறுகியதும் அதை வாட்டத்தில் படுக்கவைக்கும் வேலை. 1.2 மீற்றர் நீளமான நேர்பலகையின் ஒரு நுனியின் அடியில் 20 மில்லிமீற்றர் கட்டை ஒன்றை ஆணியடித்துவிட்டால், அதுவே 60க்கு 1 அளவுகோல். கட்டை இருக்கும் நுனியைக் குழாயின் தாழ்ந்த பக்கம் வைத்து, பலகையின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி. பலகையின் இரு நுனியும் குழாயின் உடலில் இருக்க வேண்டும். சொக்கெற்றின் தடித்த கழுத்தில் பட்டால் பொய் சொல்லும். நீண்ட ஓட்டத்துக்கு முதலில் இரு முனைகளையும் தண்ணீர் மட்டக் குழாயால் கட்டி, இடையில் நூல் இழுத்துவிட்டுத்தான் பலகையைத் தொட வேண்டும். பலகையை மட்டும் நம்பிப் போனால் ஒவ்வொரு தடவையும் விடும் சிறு பிழை கூடிக்கூடிப் போகும்.

பதிப்பது தாழ்ந்த முனையில் இருந்து மேல்நோக்கி, சொக்கெற்றின் வாய் மேட்டைப் பார்த்தபடி. அப்போதுதான் நீர் குழாயின் முனையில் இருந்து அடுத்த குழாய்க்குள் இறங்கும், விளிம்பில் மோதாது. குழாயின் முழு நீளமும் மணலில் படிய வேண்டும். சொக்கெற் வரும் இடத்தில் மட்டும் மணலைக் கையால் தோண்டிக் குழியாக்க வேண்டும். கல்லடியில் நான் அதிகம் பார்க்கும் தவறு, வாட்டம் சரிசெய்வதற்காகக் குழாயின் கீழே அங்கங்கே செங்கல் துண்டைச் செருகுவது. அன்றைக்கு நூலோடு ஒட்டி நிற்கும். மண் மூடி, மழை பெய்து மணல் இறங்கியதும் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் குழாய் தொய்ந்து, அங்கங்கே வயிறு வைக்கும். ஒவ்வொரு வயிற்றிலும் நீர் நிற்கும், நின்ற நீரில் மணல் படியும். மணலை நீர் தெளித்து இறுக்கி, அதன் மேல் வாட்டத்தைச் சீவி எடுப்பதே ஒரே வழி.

இன்னொரு விடயம் வெயில். நடுப்பகலில் கொதிக்கும் குழாயை இரு முனையும் பூட்டிவிட்டு மண் மூடினால், இரவில் அது சுருங்கும். 14 மீற்றர் குழாய் 20 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் சுருங்கும். அந்த இழுவை கடைசியாக ஒட்டிய, இன்னும் பச்சையான மூட்டின் மேல் விழும். தொட்டிச் சுவருக்குள் போகும் கடைசி இணைப்பை விடியற்காலையில் செய்வது இதனால்தான். சீமெந்துச் சாந்து பி.வி.சி.யைப் பிடிக்காது என்பதையும் அங்கே நினைவில் வைக்க வேண்டும். சுவருக்குள் வரும் பாகத்தில் கம் பூசி, கழுவிய ஆற்றுமணலை அதன்மேல் தூவிக் காயவிட்டால், சாந்து பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பான தோல் கிடைக்கும்.

குளியலறையில் இருந்து வரும் சிறிய குழாய்களுக்கு இறக்கம் கொடுப்பது கடினமில்லை; 50 மில்லிமீற்றர் குழாய்க்கு 40க்கு 1 தளத்துக்குள்ளேயே கிடைக்கும். அங்கே கல்லடிக்கே உரிய எதிரி காலில் ஒட்டி வரும் கடற்கரை மணல். மலத்தைவிட மணலைத் தள்ள அதிக வேகம் வேண்டும், 60க்கு 1 குழாயில் அது நம்பக்கூடியதல்ல. குளிநீர் பெரிய குழாயில் சேருமுன் ஒரு சிறு கட்டுத்தொட்டியில் விழட்டும். அதன் வெளிவாய் அடியில் இருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் மணல் அடியில் தங்கும், மூடியைத் திறந்து அள்ளிவிடலாம். குசினி நீருக்கும் அதே தொட்டி மீன் செதிலையும் சோற்றுப் பருக்கையையும் பிடித்துத் தரும்.

வெள்ளம் வரும் ஆண்டுகளுக்கு வேறொரு கணக்கு. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு முழுதும் கண்டதுபோல் நீர் முற்றத்துக்கே ஏறினால், 110 மில்லிமீற்றர் வெற்றுக் குழாய் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒன்பதரைக் கிலோ நீரை விலக்கி மிதக்கப் பார்க்கும். அதன் சொந்த எடை ஒன்று முதல் இரண்டு கிலோ. மிச்ச 8 கிலோவை மேலே இருக்கும் மண்தான் அமுக்க வேண்டும். மேலே ஒரு சாண் இறுகிய மண் இருந்தால் போதும். நம் கணக்கில் வீட்டுப் பக்கம் குழாயின் முதுகே வெளியே தெரிவதால், அங்கே 2 மீற்றருக்கு ஒன்றாக 30 சென்ரிமீற்றர் சதுரமும் 15 உயரமுமான கொன்கிறீற் கட்டியைக் குழாயின் மேல் சேணம்போல் வார்க்க வேண்டும்; நீருக்குள் அதன் நிகர எடை ஏறக்குறைய 19 கிலோ. இதைச் செய்யாத குழாய் வெள்ளத்தில் சற்றே எழும்பும், கீழே மணல் புகும், வெள்ளம் வடிந்த பிறகு பழைய இடத்துக்கு இறங்காது. வாட்டம் போய்விட்டது என்பது யாருக்கும் தெரியாது, மாசிப்பங்குனியில் அடைக்கத் தொடங்கும் வரை.

மண் மூடுமுன் சோதிக்க மூன்று வழிகள். தொட்டி முனையை அடைத்து, குழாயை மேல்முனை வரை நிரப்பி, மட்டத்தைக் குறித்து அரை மணிநேரம் பார்த்தால் மூட்டுகள் பேசிவிடும். கையை ஒவ்வொரு சொக்கெற்றின் அடியிலும் வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும், ஒழுக்கு பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். அடைப்பை எடுத்து நீரை விட்டபின், ஒரு முனையில் டோர்ச் பிடித்து மறுமுனையில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் முழுவட்ட ஒளி தெரிய வேண்டும். வட்டத்தின் அடி வெட்டுப்பட்டால் அங்கே நீர் நிற்கிறது, அதாவது வயிறு. பக்கம் வெட்டுப்பட்டால் குழாய் வளைந்திருக்கிறது. மூன்றாவதாக, ஒரு வாளி நீரைக் கிழித்த ஈரத்தாளோடு ஊற்றி, தாள் முழுதும் தொட்டிக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பது.

ஏற்கெனவே மூடிய குழாயின் நோயை மாரிதான் காட்டிக்கொடுக்கும். உலர்காலத்தில் ஒழுகும் மூட்டை மணல் சத்தமில்லாமல் உறிஞ்சிவிடும். முற்றத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகத் தழைத்தாலோ முருங்கை வேர் அந்தப் பக்கம் திரும்பினாலோ சந்தேகப்படலாம். மார்கழியில் நீர்மட்டம் ஏறியதும் ஓட்டம் திசைமாறி, அதே மூட்டின் வழியே மண்ணில் உள்ள நீர் குழாய்க்குள் வரும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு, இரவு ஒரு மணிநேரம் யாரும் தண்ணீர் பாவிக்காமல் இருந்து, தொட்டியின் மூடியைத் திறந்து உள்வாயைப் பாருங்கள். அங்கே மெல்லிய நீர் ஓடிக்கொண்டே இருந்தால், குளியலறைக்கும் தொட்டிக்கும் நடுவே, மண்ணின் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மூட்டு திறந்திருக்கிறது. தொட்டிப் பக்கம் இருந்து தோண்டத் தொடங்குங்கள். ஆழமான மூட்டு அங்கேதான்.